கழுவாத பாட்டில்

ஊர்த் தண்ணீரையெல்லாம் சோதித்துச் சொல்பவள் தன் பாட்டிலை மட்டும் ஏன் கழுவாமல் வைத்திருந்தாள்?

அது கணவனுடைய பாட்டில். லாரி விபத்தில் அவன் போனதிலிருந்து, அவன் குடித்து வைத்த மிச்சத்தின் மேலேயே நிரப்பி நிரப்பி, வாய் வைத்துக் குடித்தாள். வாரங்கள் ஓடின.

"ஊருக்குத்தான் உபதேசமாக்கா? உள்ளே விரல விட்டுப் பாருங்க, வழவழங்குது," என்றாள் ஆய்வகத் தோழி.

"தெரியும்டி. குடிக்கும்போதெல்லாம் எச்சில் உள்ள போகுது. கிருமி சுவத்துல ஒட்டி, தன்னைச் சுத்திப் பசை கட்டிக்குது. தண்ணிய மாத்தினா போகாது, தேய்ச்சாத்தான் போகும்." பாட்டிலைக் கையில் எடுத்தாள். "அவரு எச்சிலும் அதுலதானே இருக்கு."

"வயித்துவலின்னு துடிக்கிறீங்களேக்கா."

பஞ்சுக்குச்சியால் பாட்டிலின் உட்சுவரைத் துடைத்து, கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு ஒன்றில் தீற்றினாள். அன்றே சோப்பும் பிரஷும் போட்டு, அழுதுகொண்டே பாட்டிலைத் தேய்த்தாள்.

இரண்டு நாளில் தட்டு நிறையக் கிருமிப் புள்ளிகள் வளர்ந்தன. எது அவன் வாயிலிருந்து வந்தது, எது தன்னுடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பார்த்து முடித்த தட்டுகளை நீராவியில் வேகவைத்துக் கிருமிகளைக் கொன்றுவிடுவது ஆய்வகத்தில் வழக்கம். அன்று மாலை மற்றத் தட்டுகளையெல்லாம் வேகவைக்க அடுக்கினாள். அந்த ஒன்றை மட்டும் மூடி ஒட்டி, குளிர்பெட்டியின் பின்மூலையில் வைத்தாள். ஏன் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.