கட்டைவிரல் கோப்பை

கோப்பைகளில் படம் அச்சடித்துக் கொடுக்கும் கடைக்காரர், யாரோ ஒருவரின் கட்டைவிரல் படம் மங்கலாக அச்சான கோப்பையில்தான் தினமும் தேநீர் குடிப்பார். எப்போதோ கைதவறி வந்த படத்தை ஆர்டர் என்று அவராகவே முடிவு கட்டி, ஒரு டஜன் அடித்துத் தள்ளிவிட்டார். மற்ற பதினொன்றும் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

இன்று கடை ஃபோனுக்கு முழுக் கருப்பாக ஒரு படம் வந்தது.

“ராத்திரி வானமா இருக்கும், அடிச்சுடுங்க” என்று மனைவி வம்புக்கு இழுத்தாள்.

அவர் கோப்பையை முறைத்துவிட்டுப் பதில் தட்டினார்: “படம் முழுக்கக் கருப்பா இருக்குங்க, ஒண்ணும் தெரியல. தவறி வந்துடுச்சா? ஏதாவது வேணும்னா திரும்ப அனுப்புங்க.”

“பாக்கெட்ல இருந்து தானா போயிருக்கு. ஆமா, நீங்க யாரு?” என்று பதில் வந்தது.

“கட்டைவிரல் வியாபாரின்னு போடுங்க” என்றாள் மனைவி.