நூற்றில் ஒரு குதிரை

லாஸ்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் ஆபீஸ். பிரான்சில் கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுகிறவர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பிரெஞ்சில் பதில் எழுதுவது வேலை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த பிள்ளைகள் மலிவாகக் கிடைப்பார்கள் என்று எவனோ கண்டுபிடித்திருக்கிறான். அண்ணனும் நானும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள், அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்தத் தகுதியில்தான் அண்ணன் தங்கை இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம்.

விளையாட்டை ஓசியில் ஆடலாம். காசெல்லாம் பெட்டியில். ஒரு பெட்டிக்கு இரண்டு யூரோ. அதையும் யூரோ என்று காட்ட மாட்டார்கள், முதலில் கார்டில் 'நாணயம்' வாங்க வேண்டும், பிறகு நாணயம் கொடுத்துப் பெட்டி. எவ்வளவு போகிறது என்று மண்டையில் உறைக்கக் கூடாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. பெட்டியைத் திறந்தால் மருந்துக் குப்பி வரும், இறகு வரும், பழைய தொப்பி வரும். எப்போதாவது ஒரு வெள்ளைக் குதிரை வரும். அந்தக் குதிரைக்குத்தான் அத்தனை பேரும் பறந்தார்கள்.

வருகிற கடிதங்களை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். குதிரை கிடைத்தவர்கள், 'இதில் எப்படி ஏறுவது, நண்பனுக்கு எப்படிக் கொடுப்பது' என்று கேட்டு எழுதுவது அண்ணனிடம் போகும். அவன் 'ஃபெலிசித்தாசியோன்', அதாவது வாழ்த்துகள், என்று தொடங்கிப் பதில் எழுதுவான். பணம் போயிற்று, திருப்பிக் கொடு என்று அழுகிறவர்கள் என்னிடம் வருவார்கள். ஒருவன் மனைவிக்குத் தெரியாமல் செலவழித்துவிட்டு எழுதுவான், ஒருத்தி வாடகைப் பணம் என்பாள். நான் வருந்துகிறோம் என்று தொடங்கி முடியாது என்று முடிப்பேன். பகலெல்லாம் அவன் கல்யாண வீட்டில், நான் சாவு வீட்டில்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். பிரான்சில் இருந்த பெரியப்பா அண்ணனுக்கு ஒரு கிடங்கில் வேலை சொல்லி வைத்திருந்தார். அண்ணனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, அண்ணிக்கு மட்டும்தான் விசா வேண்டும், அதுவும் குத்தியாயிற்று. விசாவில் போட்டிருந்த கெடுவுக்குள் இருவரும் போய் இறங்க வேண்டும், தப்பினால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். இரண்டு டிக்கெட்டுக்கும் முதல் மாச வாடகைக்கும் காசு அம்மாவின் பிரெஞ்சு பாங்குக் கணக்கில் இருந்தது. அப்பா இறந்தபின் அம்மாவுக்கு வந்த பென்ஷனில் சேர்ந்தது. கார்டு அம்மா பெயரில், பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும். அவளுக்கு அதை உபயோகிக்கத் தெரியாது, எது வேண்டுமானாலும் அண்ணன்தான் நம்பர் போட்டு முடிப்பான்.

ஒரு சாயங்காலம் முதலியார்பேட்டை வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் முன்னால் இருந்தபடியே கத்திச் சொன்னான்.

"நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். என் கிட்ட வர்றவங்க கணக்கத் தொறந்து பாக்கறேன் இல்ல? எல்லாருக்கும் முப்பது நாப்பது பெட்டிக்குள்ள குதிர வந்துடுது. குதிரைய வெளியில நூத்திருபது யூரோக்கு வாங்கறானுங்க. எம்பது போட்டா நூத்திருபது. பாக்கிக் காசுல பனிக்குக் கோட்டு வாங்கிக்கலாம், அண்ணிக்கும் சேத்து."

பின்னாலிருந்து நானும் கத்தினேன். "அண்ணா, ஒன் கிட்ட வர்றவன் எல்லாம் குதிர கெடச்சவன். கெடைக்காதவன் எதுக்கு உனக்கு எழுதறான்? அவன் என் கிட்ட வந்து அழறான். பாதிப் பேரு அழக்கூட வர்றதில்ல, கம்முனு போயிடறான்."

"உனக்கு எப்பவும் ஒப்பாரிதான்" என்றான். சிரித்தான் வேறு. குதிரை வந்ததும் எவனும் பெட்டி திறப்பதை நிறுத்திவிடுவான், அதனால்தான் அவன் பார்த்த கணக்கெல்லாம் குதிரையில் முடிந்தது. இதில் என்ன பெரிய சூட்சுமம் இருக்கிறது? ஆனால் ஆசைப்பட்டவனுக்கு இது ஏறாது.

கொஞ்ச நாளில் என்னிடம் வந்த ஒரு தகராறுக் கடிதத்துக்காகத் தலைமை ஆபீசில் விசாரித்தேன். பதில் வந்தது: பழுது எதுவும் இல்லை, குதிரைக்கு வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று, ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி, இதை ஆடுபவருக்குச் சொல்ல வேண்டாம். ஆடுபவருக்குச் சொல்லக் கூடாதாம்! கடைக்காரன் எடைக்கல்லை ஒளித்து வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணுகிற கதைதான். அண்ணனிடம் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது.

"அப்ப நூறு தொறந்தா ஒண்ணு கேரண்டி."

அவன் மனசில் இருந்தது பழைய லாட்டரிக் கட்டு. கட்டு முழுவதையும் வாங்கினால் அதிலிருக்கிற சீட்டு உன்னுடையதுதான். பெட்டி அப்படி இல்லை என்று எத்தனை தரம் சொல்வது? அதனால் ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் ஒரு வேலை செய்தேன். ஒரு சொம்பில் தொண்ணூற்றொன்பது வெள்ளைக் கொண்டைக்கடலை எண்ணிப் போட்டேன், ஒரே ஒரு கறுப்புக் கடலை.

"எடுத்து வெளிய வெச்சிக்கினே போனா நூறாவதுக்குள்ள கறுப்பு வந்துதான் ஆவணும். அது லாட்டரி. இங்க எடுத்தத திரும்ப உள்ள போட்டுக் குலுக்கறான். ஒவ்வொரு தடவையும் சொம்பு நெறைஞ்சே இருக்குது. நீ இதுவர எத்தன எடுத்தன்னு சொம்புக்குத் தெரியாது. நூறு பேரு ஆளுக்கு நூறு தடவ எடுத்தா முப்பத்தேழு பேரு வெறுங்கையோட போவான். சராசரியா ஒரு குதிரைக்கு எரநூறு யூரோ ஆவுது, நீ விக்கப் போறது நூத்திருபதுக்கு. முழுசா போனாலும் பரவால்லன்னு சினிமாவுக்குக் குடுக்கற மாதிரி காசு இருந்தா குடு. திரும்பி வரும்னு நெனச்சிக் குடுக்காத."

"பேசிக்கினே இருக்காத, எடுத்துக் காட்டு" என்றான் அண்ணன்.

அண்ணி சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக் கையை விட்டாள். வெள்ளை. போட்டுக் குலுக்கினேன். வெள்ளை. மறுபடி வெள்ளை. நாலாவது தடவை அவள் விரலில் கறுப்புக் கடலை இருந்தது.

அம்மா கைதட்டினாள். அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டினான். "பாத்தியா! இவ கை ராசி!" என் கணக்கெல்லாம் அந்த ஒரு கடலையில் போயிற்று. பின்னால் எல்லாம் நடந்து முடிந்தபோது, "நீதான் அந்தச் சொம்ப வெச்சி அவன ஏத்திவிட்ட" என்று அம்மா சொன்னாள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலாவதில் வருவதும் நானூறாவதிலும் வராததும் அந்தச் சொம்புக்கு ஒன்றுதான். அதைத்தானே தொண்டை கிழியச் சொன்னேன்.

அதன்பிறகு அவன் குதிரையைப் பற்றிப் பேசவே இல்லை. விட்டுவிட்டான் என்று நினைத்தேன். டிக்கெட் போட்டாயா என்று அண்ணி கேட்டால், அடுத்த வாரம் விலை குறையும் என்பான்.

பிறகு ஒரு காலை, என் வரிசையில் ஒரு கடிதம் திறந்தது. பணத்தைத் திருப்பித் தர முடியுமா, குடும்பத்தின் பயணத்துக்கு வைத்திருந்த பணம், பெட்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள். இதைப் போல ஆயிரம் பார்த்தவள் நான். கார்டுக்குரியவர் பெயரைப் பார்த்தேன். எங்கள் அம்மா பெயர்.

பக்கத்தில் திரும்பினேன். அண்ணன் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

கணக்கைத் திறந்தேன். குப்பி, குப்பி, இறகு, தொப்பி, குப்பி. கீழே இழுக்க இழுக்கப் போய்க்கொண்டே இருந்தது. முதல் நாற்பதோடு ஒரு நாள் நிறுத்தியிருக்கிறான். நூறு தாண்டியதும் வேகம் கூடியிருந்தது, இவ்வளவு போட்டாயிற்று, இனிமேல் விடக் கூடாது என்கிற வேகம். முந்நூற்றுப் பத்துப் பெட்டி. ஒரு குதிரை இல்லை. இது நூறில் நாலைந்து பேருக்கு நடப்பதுதான், அந்த நாலைந்து பேரும் தினமும் எனக்குத்தான் எழுதுகிறார்கள். அறுநூற்றிருபது யூரோ. ஒரு ஆள் டிக்கெட்டும் வாடகையும் போயிருந்தது.

எழுந்து கழிப்பறைக்குப் போய் அழுதேன். அறைய வேண்டும் போலிருந்தது அவனை.

டீம் லீடர் மேடமிடம் போய், இது எங்கள் வீட்டுக் கணக்கு என்று மட்டும் சொன்னேன். அவர் நல்ல மனுஷிதான். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"ஒரே வழிதான் இருக்குது. கார்டுக்காரவங்க, எனக்குத் தெரியாம யாரோ உபயோகிச்சுட்டாங்கன்னு எழுதித் தரணும். அப்ப பாங்கு காசத் திருப்பிக் குடுக்கலாம். ஆனா யாரு உபயோகிச்சான்னு கேப்பாங்க. இங்க வேல செய்யற ஆளுன்னு தெரிஞ்சா வேல போவும், கேசும் வரலாம். உங்க அம்மா கிட்ட கேட்டுட்டு வா."

அன்று சாயங்காலம் வீட்டில் நான்தான் சொன்னேன். அண்ணன் சுவரைப் பார்த்து நின்றான். அம்மா, அப்பா படத்தைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் குடுத்தேன்னு எழுது."

"அம்மா, காசு வராது அப்புறம்."

"புள்ளைய போலீசுல காட்டிக் குடுத்துட்டு அந்தக் காச வாங்கி நான் இன்னா பண்ண? எழுதுடி."

அண்ணி உள்ளே போய் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். விசாப் பக்கத்தைத் திறந்து தேதியைப் பார்த்தாள், மூடி மறுபடி உள்ளே வைத்தாள். பெரியப்பாவிடம் ஒருத்தர் டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது, அண்ணன் மட்டும் போவதா, யாருமே வேண்டாமா என்பது எதுவும் அன்றிரவு முடிவாகவில்லை. சோறு ஆறிப்போயிற்று.

மறுநாள் அம்மா பெயருக்கு நான் பதில் எழுதினேன். மதிப்புக்குரிய அம்மையாருக்கு, வருந்துகிறோம், தங்கள் கணக்கில் கோளாறு எதுவும் காணப்படவில்லை, பெட்டியின் பலன் தற்செயலானது, தொகையைத் திருப்பித் தர இயலாது. ஒரு வார்த்தை மாற்றவில்லை. மாற்ற எனக்கு உரிமையும் இல்லை. அப்படியே அனுப்பினேன்.

பக்கத்தில் அண்ணன் வாழ்த்துகள் தட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் கை நின்றது. திரையில் யாரோ ஒருவனின் கணக்கு விரிந்திருந்தது. மெதுவாக, தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னான்.

"இவனுக்கு அஞ்சாவது பெட்டியிலயே வந்துருக்குது." அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டான், "அம்மா கணக்குல இன்னும் எவ்ளோ இருக்கும்?"

நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். பீரோவைத் திறந்து பட்டுப்புடவைக்கு அடியில் கையை விட்டு அந்தக் கார்டை எடுத்தேன். தையல் கத்தரியால் குறுக்கே வெட்டினேன், வெட்டினதை மறுபடி வெட்டினேன்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பரு அவனுக்கு மனப்பாடம்டி" என்றாள்.