ஹால் சீலிங்கில் நாலு லைட்

திருடின்னு அந்த ஹவுஸ் ஓனர் வாயால சொல்லலை. "ஃபிட்டிங்ஸ் மாறியிருக்கே மேடம்"னுதான் சொன்னாரு. அதை மரியாதைன்னு வேற நினைச்சிருப்பாரு.

சேலையூர்ல அந்த வீட்டைக் காலி பண்ற அன்னிக்கு, கீழே வேன்ல பாதி சாமான் ஏறியாச்சு. பெருங்களத்தூர்ல புது வீடு பேசி முடிச்சிருந்தோம். அங்க பால் காய்ச்சக்கூட நாள் பார்த்தாச்சு. முந்தின நாளே வந்து ஒரு நோட்டம் விட்டுட்டுப் போன மனுஷன், நாங்க குடி வந்தப்ப எடுத்த போட்டோக்களோட மறுபடி வந்து ரூம் ரூமா அண்ணாந்து பார்த்தாரு. கிச்சன்ல டியூப் லைட் பேட்டன். நீளப் பட்டை, ரெண்டு முனையிலயும் மூடி. அதுல யாருக்கு சந்தேகம் வரும்? பெட்ரூம்ல சதுர பேனல், ஓரம் வரைக்கும் தட்டையா ஒரே வெள்ளை. அதுவும் சரி. ஹால் ஃபால்ஸ் சீலிங்ல நாலு வட்ட லைட். அங்கதான் நின்னாரு.

"நான் போட்டது பெரிய பேனல். இது சின்ன டவுன்லைட். போட்டோல எவ்ளோ பெருசா இருக்கு, பாருங்க!"

பார்த்தேன். நாலு வெள்ளை உருண்டை.

"சார், இது லைட் எரியறப்ப எடுத்தது. வெளிச்சம் வழிஞ்சு பெருசாத்தான் தெரியும். இப்போ லைட்டைப் போட்டு உங்க போன்லயே எடுங்க."

எடுத்தாரு. அதே நாலு உருண்டை. லைட்டை அணைச்சு, கொஞ்சம் பக்கவாட்டுல எடுக்கச் சொன்னேன். இப்போ உள்ளே குழிவா பளபளன்னு ஒரு கிண்ணம், அதுக்குள்ள ஆழத்துல லைட். அப்புறம் அவரோட பழைய போட்டோக்களையே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஃபேனைக் காட்ட பகல்ல எடுத்த ஒண்ணு இருந்துச்சு. மூலையில அணைஞ்சிருந்த அதே லைட். பெருசாக்கினேன்.

"குழி தெரியுதா? உள்ளே நிழல் தெரியுதா? பேனல்ல ஏது சார் குழி?"

"அட, நான்தான் மாத்தி நெனச்சுட்டேன் போல"ன்னு சிரிச்சாரு. சிரிப்பு! எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. இருந்தாலும், அப்பாடா, முடிஞ்சுதுடா சாமின்னு இருந்துச்சு.

அப்பத்தான் பெருங்களத்தூர் வீட்டுக்கார அம்மா போன் பண்ணாங்க. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வீட்டை எங்க சொந்தக்காரங்களுக்கே விடறதா இருக்கோம்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

இழுத்தாங்க. "காலையில உங்க ஓனர்கிட்ட விசாரிச்சோம். லைட்டெல்லாம் கழட்டி மாத்திட்டாங்கன்னு…"

போனை அப்படியே அவர்கிட்ட நீட்டினேன். "நீங்களே சொல்லுங்க சார். தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை. கீழே வேன் நிக்குது சார்!"

அவர் கையை நீட்டவே இல்லை. "கேட்டாங்க, அப்போ தோணினதைச் சொன்னேன். அவங்க வீடு, அவங்க இஷ்டம். இதுல நான் என்ன மேடம் பண்ண முடியும்?" வாசல் பக்கம் திரும்பினவர், "சாவியை எப்போ தர்றீங்க?"ன்னு கேட்டாரு.