ரயிலில்லாத ஊரில் ரயில் அறிவிப்பு

வட்டக்கானலில் எங்கள் வீட்டு முற்றத்தில் சில மாதங்கள் ரயில் வந்து போய்க்கொண்டிருந்தது. காலையில் பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறி வந்து பேரிக்காய் மரத்தை மூடும் நேரத்தில் மணி ஒலிக்கும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று நான் ஆரம்பிப்பேன். எதிர்ச் சரிவில் என் குரலே ஒரு நொடி தாமதித்துத் திரும்பவும் சொல்லும். பக்கத்து விடுதியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு டீ குடிப்பவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பார்கள். தண்டவாளமே ஏறாத மலையில் எந்த வண்டி வரப்போகிறது என்று அவர்களுக்குப் புரியாது. எனக்கும் சில காலைகளில் புரியாது. அந்த வெள்ளை மூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்குள்ளிருந்து இன்ஜின் விளக்கு ஒன்று வந்துவிடும் போலத்தான் இருக்கும்.

என் சோலி அதுதான். ஸ்டேஷன்களில் ஒலிபெருக்கி பொருத்தும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு அறிவிப்பு வாசகங்களை எழுதிக் கொடுப்பேன். "அதுல எழுதறதுக்கு என்னங்க இருக்கு? வண்டி வருது, போகுது" என்று கேட்காத ஆளில்லை. முன்பெல்லாம் விளக்கம் சொல்வேன். இப்போது சிரித்துவிட்டு விட்டுவிடுகிறேன்.

எழுதும் மேஜையில் அழகாக இருக்கிற வாக்கியம் நடைமேடையில் செத்துப்போகும். அங்கே கூம்பு ஒலிபெருக்கிகள் வரிசையாகத் தொங்கும். பக்கத்திலிருப்பது சொன்ன வார்த்தையைத் தூரத்திலிருப்பது சற்றுப் பிந்திக் கொண்டுவந்து, அடுத்த வார்த்தையின் மேல் போட்டுவிடும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். மெதுவாக இழுத்துப் பேசினாலும் பலனில்லை. சின்னச் சின்னத் துண்டாகச் சொல்லி, ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு எதிரொலி அடங்குமட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் சில வார்த்தைகள் எப்படியும் வீண்தான், ஜனங்கள் பேச்சை நிறுத்திக் காதைத் திருப்புவதற்குள் அவை போய்விடும். அதனால்தான் அந்தக் 'கனிவான கவனத்திற்கு' இருக்கிறது. அதில் மரியாதை பாதி, மீதி காது திரும்புவதற்கான அவகாசம்.

இந்தச் சோலியை எங்கள் வீட்டில் மதித்தது என் அக்கா ஒருத்திதான். அவளுக்குக் கல்லூரி முடித்த வருஷம் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் மங்கிவிட்டன. காதில் மிஷின் வைத்திருக்கிறாள். வீட்டுக்குள் எதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாம் கேட்கும். சந்தடியில்தான் கஷ்டம்.

"மிஷினுக்கு எது பேச்சு, எது இரைச்சல்னு தெரியுமாலே? எல்லாத்தையும் அள்ளிக் காதுல கொட்டுது" என்பாள்.

கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து லைப்ரரியில் உதவியாளராக இருந்தாள். அந்த வருஷம் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடம் அவளை நூலகராகவே கூப்பிட்டது. வெகுநாள் ஆசைப்பட்ட வேலை. ஆனால் மாதத்துக்கொரு தடவையாவது மலையிறங்கி, அடிவாரத்து ஸ்டேஷனில் தனியாக ரயிலேறிப் போய்வர வேண்டும். அவளுக்கு ரயில் என்றால் உள்ளூர ஒரு நடுக்கம் உண்டு. முன்பு ஒரு பெரிய ஸ்டேஷனில் கடைசி நேரத்தில் நடைமேடையை மாற்றிச் சொன்னது புரியாமல், தான் ஏற வேண்டிய வண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்று கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். அன்றைக்கு ஒரு அந்நியர் முன்னால் அழுததைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

"போர்டு இருக்கேக்கா, பாத்துக்கலாமே" என்றேன்.

"போர்டு ஒழுங்கா இருக்கற அன்னிக்கு எனக்கு என்ன பயம்? அது மாறாம பழசையே காட்டிக்கிட்டு நிக்கற அன்னிக்கு என்ன செய்ய? காதால கேட்டு, யார் கையையும் பிடிக்காம வண்டியப் பிடிக்க முடியும்னு தெரிஞ்சா போறேன். இல்லன்னா இங்கனயே கெடக்கேன். நீதான் பெரிய எழுத்தாளனாச்சே, எழுது."

அப்படித்தான் முற்றம் ஸ்டேஷனாயிற்று. நிறுவனத்திடம் கேட்டு இரண்டு பழைய கூம்புகளை வாங்கி, ஒன்றை வீட்டுக் கூரையிலும் மற்றொன்றைச் சரிவுக்குக் கீழே சவுக்கு மரத்திலும் கட்டினேன். பேரிக்காய் மரத்தடி முதலாவது நடைமேடை. தண்ணீர்த் தொட்டி இரண்டாவது. விடுதிக்கார அண்ணாச்சியின் ஜீப்பை இரைச்சலுக்காக ஓடவிட்டோம். அக்கா எனக்கு முதுகைக் காட்டி முற்றத்து நடுவில் நிற்பாள். உள்ளேயிருந்து நான் மைக்கில் வாசிப்பேன். எந்த நடைமேடை என்று கேட்கிறதோ அங்கே அவள் போக வேண்டும்.

சாதாரண அறிவிப்புகளில் அவள் ஜெயித்துக்கொண்டே வந்தாள். துண்டுகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க, இடைவெளியைக் கூட்டக் கூட்ட, அவள் தயங்காமல் நடந்தாள். ஆனால் நடைமேடை மாற்றம் வந்தாலே முற்றத்தின் நடுவில் நின்றுவிடுவாள். சில சமயம் தொட்டிக்குப் போவாள், சில சமயம் மரத்துக்கு. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாசகம் தெளிவாகத்தானே இருக்கிறது? 'இரண்டாவது நடைமேடைக்குப் பதிலாக முதலாவது நடைமேடைக்கு வரும்.' எல்லா ஸ்டேஷனிலும் காலங்காலமாகச் சொல்வதுதான்.

"செவிடன் காதுல சங்கு ஊதுறவன் நீ ஒருத்தன்தான்லே" என்று சொல்லிவிட்டு ஒருநாள் தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம், நாகர்கோவிலுக்கு வரவில்லை என்று எழுதிவிடட்டுமா என்று என்னைக் கேட்டாள். இரண்டு நாள் பொறு என்றேன்.

மறுநாள் விடுதியில் தங்கியிருந்த நாலைந்து பேர் விளையாட்டாக வந்து சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் நல்ல காதுக்காரர்கள். அதே வாசகத்தை அதே இரைச்சலில் வாசித்தேன். பாதிப் பேர் தொட்டிக்குப் போனார்கள், பாதிப் பேர் மரத்துக்கு. ஒருவர் நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்தார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் காதில் குறையில்லை, குறை வாக்கியத்தில். இரைச்சலில் காதுக்கு முழு வாக்கியம் கிடைப்பதில்லை, இரண்டொரு சில்லுகள்தான் கிடைக்கின்றன. நான் இரண்டு நம்பரைச் சொன்னேன். அவரவருக்குக் கிடைத்த நம்பருக்கு அவரவர் நடந்தார்கள். போகக்கூடாத இடத்தின் நம்பரை வாயாலேயே சொல்லக்கூடாது.

திருத்தி எழுதினேன். 'நடைமேடை மாற்றம். நடைமேடை மாற்றம். நாகர்கோவில் செல்லும் வண்டி. முதலாவது நடைமேடைக்கு வருகிறது. முதலாவது நடைமேடை. நடைமேம்பாலம் வழியாக வரவும்.' ஒவ்வொரு புள்ளிக்கும் வாய்மூடல். அக்கா நேரே மரத்தடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள். விடுதியிலிருந்து வந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஆனால் எங்கள் முற்றத்தில் மாற்றினால் போதுமா? வழக்கமான அறிவிப்புகளைத்தான் கம்ப்யூட்டர் பேசும். பதிவுசெய்து வைத்த துண்டுகளைக் கோத்து அது பேசிவிடும். அவசர மாற்றங்களை, அக்கா ரயிலேற வேண்டிய அடிவாரத்து ஸ்டேஷனில், மாஸ்டரே மைக்கில் வாசிப்பார். அவர் மேஜைக் கண்ணாடிக்கடியில் பழைய வாசகம் இருந்தது. அவர் நல்ல மனிதர், ஆனால் லேசில் மசியமாட்டார்.

"தம்பி, ரெண்டாவதுல நிக்கறவனுக்கு அது தனக்குத்தான் சொல்றாங்கன்னு எப்படிங்க தெரியும்? ரெண்டுன்னு சொன்னாத்தான திரும்பிப் பாப்பான்?"

அவர் கேட்டது நியாயம்தான். வண்டியின் பெயர் கேட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டேஷனில் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. ஜனங்கள் நிற்கிற இடத்தில் பொய்யாக ஒரு மாற்றத்தை அறிவித்தால் விபரீதம். அதனால், லீவு நாளில் வீட்டம்மாவோடு எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டேன்.

வந்தார். அன்றைக்குப் பனி அதிகம், மரமும் தொட்டியும் சாம்பல் நிழலாகத்தான் தெரிந்தன. ஜீப் உறுமியது. நான் உள்ளேபோய் அவருடைய வாசகத்தையே, அவர் வாசிக்கிற வேகத்திலேயே வாசித்தேன். வெளியே வந்து பார்த்தால் மாஸ்டர் தொட்டிப் பக்கம், அவர் வீட்டம்மா மரத்தடியில்.

"என்னங்க, அங்க போயி நிக்கிறீங்க? வண்டி இங்கதான வருது" என்று அந்த அம்மா மூட்டத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

மாஸ்டர் தொட்டியின் ஈரச் சுவரில் கையை ஊன்றி மரத்தடியை எட்டிப் பார்த்தார். பிறகு, "புதுசைக் குடுங்க தம்பி, கொண்டுபோறேன்" என்றார்.

அக்கா நாகர்கோவிலுக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டாள். கிளம்பும் நாளில் வெள்ளனே பஸ் பிடித்தோம். மலை வளைவுகளில் அவள் தோளில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தேன், கீழே இறங்க இறங்கக் காற்று வெதுவெதுப்பானது. வழியனுப்ப வந்தேனே தவிர, கையைப் பிடிக்கக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். அவள் போகவேண்டும் என்று எழுதியவனும் நான்தான், போகாமல் இருந்தால் தேவலை என்று உள்ளுக்குள் நினைத்தவனும் நான்தான். காலையில் அவள் டீ போடும் சத்தமில்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது நடைமேடையில் நின்றோம். போர்டிலும் இரண்டு என்றே இருந்தது. வெயிலில் தண்டவாளம் நெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் ஒரு நீளமான சரக்கு வண்டி எங்கள் முன்னால் வந்து நின்றுவிட்டது. இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. முறுக்கு விற்பவர் கத்தினார். ஏதோ ஒரு குழந்தை வீறிட்டது. அப்போது மணி ஒலித்தது.

"நடைமேடை மாற்றம்" என்றது மாஸ்டரின் குரல். வாய்மூடல். "நடைமேடை மாற்றம்." மறுபடி வாய்மூடல். எழுதினவனுக்கு அந்த வாய்மூடல்கள்தான் கேட்கும். அவர் சரியாக விடுகிறாரா, எதிரொலி அடங்குகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு அளந்தபடி சொக்கிப்போய் நின்றேன். போர்டு அப்போதும் இரண்டு என்றே காட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் அக்கா இல்லை.

பாலத்துப் படியில் பாதி ஏறியிருந்தாள். பெட்டியைத் தானே தூக்கியிருந்தாள்.

"ஏலே, அங்க என்ன நின்னுக்கிட்டுக் கனவு காங்கிற? வண்டி முதலாவதுல வருது. வெரசா வா!"

ஓடினேன். வண்டி வந்தது. அவள் ஏறி, ஜன்னலோரம் இடம்பிடித்து, எனக்குக் கையை ஆட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் காய்ச்சலுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. வண்டி போய், கடைசிப் பெட்டியும் வெயிலில் கரைந்தது.

மாஸ்டர் கொடியைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். பரீட்சை எழுதியவர் மாதிரி முகம்.

"எப்படித் தம்பி, சரியாப் படிச்சேனா? எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு சார்" என்றேன். "எங்க அக்கா போயிட்டா."