குக்கரைச் சூளையாக்கிய நாள்

பீங்கான் சூளையில் தீ மூட்டுவதுதான் என் வேலை. முதல் பிரசவத்துக்காக என் மனைவி, பஸ்ஸில் அரை மணி தூரத்தில் பெண்ணாடத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நாள். "நீங்க தனியா சமைச்சுத் துன்னுவீங்கன்னு காட்டுங்க, அப்பதான் போவேன்" என்று அடம்பிடித்தாள்.

முட்டைதானே! குக்கருக்குள் கொஞ்சம் தண்ணீர், அதற்கு மேல் தட்டில் ஆறு முட்டை. அவள் சொன்னபடி ஒரே விசிலில் அடுப்பை அணைத்தேன். சூளையை ஆறவிடாமல் திறந்தால் கப்பெல்லாம் விரிசல் விடும். நான் படித்த ஒரே படிப்பு அதுதான். அதனால் குக்கரையும் ஒரு மணி நேரம் தொடவில்லை.

ஓடு வழுக்கிக்கொண்டு வந்தது. பெருமையாக நறுக்கினேன். மஞ்சளைச் சுற்றிப் பாசி நிறம், வெள்ளைக்கரு ரப்பர் மாதிரி, நாற்றம் வேறு. முட்டையெல்லாம் அழுகிவிட்டதென்றே நினைத்தேன்.

"முட்ட அழுவிப்போவலைங்க. அடுப்ப நிறுத்துனாலும் உள்ள வெந்துகிட்டேதான இருக்கும்? அஞ்சு நிமிசத்துல ஆவிய வுட்டுத் தொறந்து, பச்சத்தண்ணியில போடணும்!" என்றாள்.

"சூளைய அப்படித் தொறந்தா மொதலாளி என் தலையத் தொறந்துடுவாரு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், என் லுங்கி இரண்டையும் தன் பைக்குள் திணித்தாள்.

"நீங்களும் கெளம்புங்க. எங்கம்மா வூட்லேர்ந்து தெனம் பஸ்ஸுல வேலைக்கிப் போயிட்டு வாங்க."