முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வண்டி

ஒரு பெண் பத்திரமாக வீடு சேர்ந்தாள் என்று பொய்க் கையெழுத்துப் போட்டவன் நான். அவள் வீடு சேர்ந்தது உண்மைதான். எங்கள் வண்டியில் சேரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் மேலாளராக இருந்தேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீடியோ காலில் சேலை காட்டி விற்கும் அலுவலகம் அது. கடைசி ஷிப்ட் இரவு ஒன்பதே காலுக்கு முடியும். கீழே வேன் தயாராக நிற்கும். ஒவ்வொரு பெண்ணையும் வீட்டு வாசலில் இறக்கி, நேரத்தை டிரிப் புத்தகத்தில் எழுத வேண்டும். இரவு வேலைக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த சம்மதமே அந்த வேனை நம்பித்தான்.

அமெரிக்காவில் விடிந்து, காபி குடித்து முடித்தவர்கள் அழைக்கும் நேரத்தில் நாங்கள் கடையை மூடுகிறோமே என்று எனக்கு உறுத்தியது. ஷிப்டைப் பத்தரை வரை நீட்டினேன்.

வேன்காரர் தலையைச் சொறிந்தார். "கல்யாண சீசன் வருது சார். பத்தரைக்கு வண்டி நிக்கும்னு சொல்ல முடியாது."

"பார்த்துக்கலாம்" என்றேன். பார்த்துக்கொள்ளப் போவது நான் இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு வேன் வரவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் மாட்டிக்கொண்டிருந்தது. மற்ற பெண்களுக்கு வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. ஐயம்பேட்டைப் பெண் மட்டும் இழுத்து மூடிய ஷட்டருக்கு முன்னால் முக்கால் மணி நேரம் தனியாக நின்றிருக்கிறாள். என்னை அழைத்தும் இருக்கிறாள். நான் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் மாமனார் மொபெட்டில் வந்து கூட்டிப் போனார்.

காலையில் புத்தகத்தில் அவள் கட்டம் காலியாக இருந்தது. "வீட்டு வாசல், 11.00" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மூன்றாம் நாள் ராஜினாமாக் கடிதத்துடன் வந்தவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். "நான் எந்த வண்டியில சார் போனேன்? எனக்கே தெரியலையே!" என்று சிரித்தாள். தறியை விட்டு இறங்கி இந்த நாற்காலிக்கு வர, மாமனாரோடு ஒரு வருஷம் வாதாடியவள். அந்த வாதத்தில் அவளைத் தோற்கடித்தது நான்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யைச் சிவப்பு மையால் அடித்து, நடந்ததை எழுதி, எல்லோர் முன்னிலும் வாசித்தேன். பிறகு புதிய அட்டவணை ஒன்று போட்டேன். கடைசி ஷிப்ட் பழையபடி ஒன்பதே கால். அமெரிக்காக்காரர்களுக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். அங்கே அது சாப்பாடு முடிந்து ஓய்வாக இருக்கும் முன்னிரவு. முகூர்த்த நாட்களில் மாலை ஏழுக்கே மூடல். அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டைக்குப் போனேன்.

மாமனார் தறியிலிருந்து எழவில்லை. "ராத்திரில தூங்கிக்கினு இருந்த மேனேஜரு இவருதானாம்மா?"

"இவருதான் மாமா. இன்னிக்கு முழிச்சிக்கினு இருக்காரு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அட்டவணையை நீட்டினேன். அவள் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்து, நடுவில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, இங்க பாரேன்! முகூர்த்தத்தன்னிக்கு ஏழு மணிக்கு மூடுறாராம். சார், முகூர்த்தம் காலையில முடிஞ்சிடும். சாயங்காலம் வேன்காரரு காலை நீட்டிப் படுத்திருப்பாரு. ரிசப்ஷன் முந்தின நாள் ராத்திரி சார்! அன்னிக்குதான் ஒரு வண்டி கிடைக்காது."

மாமனார் தறியை நிறுத்திவிட்டார். "முகூர்த்தச் சேலை விக்கிறவருக்கு ரிசப்ஷன் எப்பன்னு தெரியலியாம்!"

முகூர்த்தப் பட்டியல் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. எந்த நாளுக்கு எத்தனை சேலை வேண்டும் என்று மட்டுமே அதைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே அவளிடம் பேனாவைக் கொடுத்தேன். ஒவ்வொரு 'ஏழு மணி'யையும் அடித்து, ஒரு நாள் முன்னால் தள்ளி எழுதினாள்.

"எங்க வீடுதான் கடைசி. மத்தவங்க இறங்கினப்புறம் டிரைவரும் இவளும் மட்டும்தான் வண்டியில. அதுக்கு என்னா சொல்றாரு?" என்றார் மாமனார், என்னைப் பார்க்காமல்.

"இரவுக் காவலாளி கூட வருவார். அவர் விடுப்பில் இருந்தால் நான் வருகிறேன்."

"நீங்க தூங்கிடுவீங்களே!" என்றாள் அவள்.

அவள் மறுநாளே வந்துவிட்டாள், இரண்டு நிபந்தனைகளுடன். ஷிப்ட் முடியும் நேரத்தை இனி அவள் வேன்காரரிடம் பேசிய பிறகுதான் எழுத வேண்டும். வீடு சேர்ந்த நேரத்தை, சேர்ந்தவளே எழுத வேண்டும்.

காவலாளிக்கு அடிக்கடி ஊரில் ஏதாவது விசேஷம் வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஐயம்பேட்டையில் அவள் இறங்கியதும், "மேனேஜரு முழிச்சிருக்காரா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். டம்ளரில் சுக்குக் காபியும் வரும். குடித்துவிட்டுத் திரும்பினால், என்னை இறக்கிய பிறகுதான் வேன்காரர் வீட்டுக்குப் போவார்.

ஒரு நாள் புத்தகத்தைப் புரட்டினேன். பெண்கள் பெயர்களுக்குக் கீழே அவள் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி: "மேனேஜர், வீட்டு வாசல்." நேரம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

"அதை நீங்க எழுதக்கூடாது சார். நீங்க வந்துட்டீங்கன்னு உங்க வூட்டம்மா போன் பண்ணாதான் நான் எழுதுவேன்" என்றாள்.

நான் அந்த வேலையை விடும் வரை, என் மனைவி ஒரு நாளும் தவறாமல் போன் செய்தாள்.