பக்கக் கதவு

ஷஹனாஸுக்கு வாய் பேசும் முன்பே கை பேசத் தொடங்கிவிட்டது. அம்மா ரசியாவுக்கும் அப்பா ஹாமிதுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. சிதம்பரத்தில் அவர்கள் குடியிருந்த தெருவில் ரேஷன் கடைக்காரருக்கும் மருத்துவருக்கும் அப்பா சொல்வதை எடுத்துச் சொல்லும் வேலை ஏழு வயதிலேயே அவளுக்கு வந்து சேர்ந்தது. பிறகு அதையே முறையாகப் படித்து, கடலூரில் காது கேளாதோர் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகவும் சைகை மொழிபெயர்ப்பாளராகவும் சேர்ந்தாள். தினமும் காலையில் சிதம்பரத்திலிருந்து பஸ். பதினான்கு வருடம் இப்படியே போயிற்று.

கடலூருக்குத் தெற்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலை. அங்கே மூட்டை கட்டும் பிரிவில் காது கேளாத சிலரைச் சேர்த்துக்கொள்ளப் போவதாகவும், பாதுகாப்புப் பயிற்சி வீடியோவில் சைகை மொழியும் வேண்டும் என்றும் அதன் பாதுகாப்பு அதிகாரி சபாபதி பள்ளிக்கு வந்து கேட்டார். வீடியோ எடுக்கும் வேலை சிதம்பரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ரஃபியுதீனுக்குக் கிடைத்திருந்தது. அவன் ஷஹனாஸின் அத்தை மகன். கல்யாண வீடியோக்களில் பேர் எடுத்தவன்.

ஒரே மதியத்தில் அவளைப் படம் பிடித்து முடித்தார்கள். அவளுடைய படம் திரையின் வலது மூலையில் வரும் என்று ரஃபியுதீன் சொல்லியிருந்தான். அதனால் நடுவில் ஓடும் காட்சியைப் பார்ப்பதுபோல அவளும் தன் வலப்பக்கம் லேசாகத் திரும்பி நின்றாள். ஆபத்து விளக்கு எரிந்தால் இடது கதவு வழியாக வெளியே போக வேண்டும் என்ற இடத்தில் இடது கையைத் தெளிவாகத் தன் இடப்பக்கம் நீட்டினாள்; சைகை மொழியில் பக்கம் எப்போதும் பேசுகிறவருடையதுதான். வலது கதவு ரசாயனத் தொட்டிகள் இருக்கும் முற்றத்துக்குப் போவது.

பத்து நாள் கழித்து முடிந்த வீடியோவை ரஃபியுதீன் செல்போனுக்கு அனுப்பினான். பள்ளியில் பரீட்சை நேரம். மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் பார்த்தாள். அவளை ஒரு சின்ன வட்டத்துக்குள் அடைத்து, கீழே இடது மூலையில் வைத்திருந்தார்கள். முழங்கைகள் வட்டத்துக்கு வெளியே போயிருந்தன. கை வேகம் கொஞ்சம் கூடியிருப்பதாகவும் பட்டது. துப்பட்டாவின் ஊசி வேறு தோளில் இருப்பதுபோல ஒரு கணம் தோன்றியது. என்னவென்று யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. "பாத்துட்டேன், சரி" என்று பதில் போட்டாள். அந்தப் பதிலைத்தான் ஒப்புதல் என்று தொழிற்சாலைக் கோப்பில் அச்செடுத்து வைத்தார்கள்.

இளவரசு அவளுடைய பழைய மாணவன். குமராட்சிப் பக்கத்துக்காரன். அதே பள்ளியில் படித்த கனிமொழியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவன். இருவருக்குமே காது கேட்காது. அந்த வருடம் ஆவணியில் அவன் ஒப்பந்தத் தொழிலாளியாகத் தொழிற்சாலையில் சேர்ந்தான். முதல் நாள் வீடியோவைப் போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கி, மூட்டை கட்டும் கூடத்தின் கடைசி மேசையில் நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தொட்டி முற்றத்தில் குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய்க் குளோரின் கசிந்தது. சங்கு ஊதியது. சிவப்பு விளக்கும் சுழன்றது. மற்றவர்கள் இடது கதவு வழியாக ஓடினார்கள். அடுக்கி வைத்த மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற இளவரசுவுக்கு அவர்கள் ஓடியது தெரியவில்லை. விளக்கை மட்டும் பார்த்தான். வீடியோவில் பார்த்ததை நினைவில் வைத்து வலது கதவைத் திறந்துகொண்டு போனான்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். வயது இருபத்தாறு.

அடக்கம் முடிந்து வந்த மறுநாள் ஷஹனாஸ் அந்த வீடியோவைப் பள்ளிக் கணினியின் பெரிய திரையில் போட்டாள். அந்த இடம் வந்தது. வட்டத்துக்குள் இருந்த ஷஹனாஸ் தன் வலப்பக்கம் கை காட்டினாள். ஊசி தவறான தோளில் இருந்தது. எப்போதும் வலது கையால் முன்னின்று பேசுகிறவள் முழுக்க இடது கையால் பேசிக்கொண்டிருந்தாள். படத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

திரையின் அடியில் எழுத்து ஓடியது. "இடது பக்கக் கதவு வழியாக வெளியேறவும்" என்பது வாக்கியம். வட்டம் முதல் சொல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. மிச்சம் "பக்கக் கதவு வழியாக வெளியேறவும்" என்று ஒரு குறையும் இல்லாமல் முழு வாக்கியமாக நின்றது.

அன்று சாயங்காலமே ரஃபியுதீன் ஸ்டூடியோவுக்குப் போனாள்.

"மச்சான், என்னை ஏன் திருப்பிப் போட்டே?"

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு முகம் மாறியது.

"கம்பெனி லோகோவ வலது மூலையில வைக்கணும்னாங்க. உன்ன இடது மூலைக்கு மாத்துனேன். நீ ஸ்கிரீனுக்கு வெளிய பாக்குற மாதிரி இருந்துச்சு. அதான் ஃபிளிப் பண்ணேன். கல்யாண வீடியோல எல்லாம் பண்றதுதானே."

"வேகம்?"

"ஆறு நிமிசத்துக்குள்ள வேணும்னாங்க. கொஞ்சம் ஓட்டி விட்டேன். உனக்கு அனுப்புனேனே, நீயும் சரின்னு சொன்னியே."

அவன் சொன்னது உண்மை.

அடுத்த வாரம் சபாபதி கூப்பிட்டார். புது வீடியோ செய்யலாம், பழையதை எல்லாரும் அழித்துவிடலாம் என்று மேலிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். சொல்லும்போது மேசையைத்தான் பார்த்தார்.

"புதுசு செய்வோம் சார். உள்ளே இன்னும் மூணு பேர் வேலை பாக்குறாங்க. பழைய வீடியோவ நான் அழிக்க மாட்டேன்."

"அத எதுக்கும்மா வச்சிக்கிட்டு?"

"கேக்குறவங்க கேட்டா குடுக்கத்தான்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்தத் தடவை படம் எடுக்கும் முன் தொழிற்சாலைக் கூட்ட அறையில் ஷஹனாஸும் சபாபதியும் ரஃபியுதீனும் உட்கார்ந்து, காட்சி காட்சியாகத் தாளில் வரைந்தார்கள். இந்த வேலை ரஃபியுதீனைத் தவிர வேறு யாருக்கும் போகக்கூடாது என்று அவள்தான் கேட்டாள். அவனே செய்து முடிக்க வேண்டும் என்று நினைத்தாள்.

வட்டம் வேண்டாம் என்றாள். திரையின் வலப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கை மேலிருந்து கீழ்வரை மொழிபெயர்ப்பாளருக்கு விட வேண்டும். காட்சி சுருங்கி மீதி இடத்தில் ஓடட்டும். எழுத்து காட்சிக்கு அடியில் மட்டும், இரண்டு வரிக்கு மேல் போகாமல் வர வேண்டும். லோகோ முதலிலும் முடிவிலும் வந்தால் போதும்.

"அவ்வளவு இடம் உனக்கா? காட்சி சின்னதாயிடும்," என்றான் ரஃபியுதீன்.

"எனக்கு இல்ல மச்சான். கைக்கு."

தலைக்கு மேல் ஒரு சாண் இடம், கீழே இடுப்புக்குக் கீழ் வரை, இரண்டு முழங்கைகளையும் முழுக்க விரித்தாலும் வெட்டுப்படாத அகலம். வெளிர் சாம்பல் நிறத் திரைக்கு முன் பூப்போடாத கரும்பச்சைச் சட்டையும் அதே நிறத் துப்பட்டாவும். கேமரா மார்பு உயரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். முகத்தில் நிழல் விழாமல் இரண்டு பக்கமும் விளக்கு.

வேகம் பற்றித்தான் அதிக நேரம் வாதம் நடந்தது. சபாபதிக்கு ஆறு நிமிடமே ஜாஸ்தி.

"சார், நீங்க படத்தப் பாத்துக்கிட்டே காதால கேக்குறீங்க. அவுங்களுக்கு ரெண்டுமே கண்ணுதான். என் கையப் பாத்தா படம் போயிடும், படத்தப் பாத்தா கை போயிடும். மொதல்ல காட்சி ஓடட்டும். நான் கையக் கட்டிக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். அப்புறம் காட்சி அப்படியே நிக்கணும், நான் சொல்லணும். எழுத்து அதுக்கப்புறம் வந்து, படிச்சு முடிக்கிற வரைக்கும் இருக்கணும்."

"எவ்வளவு நீளமாகும்?"

"பன்னெண்டு, பதிமூணு நிமிசம்."

சபாபதி நெற்றியைத் தேய்த்தார். "நான் பேசிக்கிறேன்," என்றார்.

வெளியே விலைக்கு வாங்கி ஒட்டிய காட்சிகள் இந்தத் தடவை இல்லை. கடைசி மேசைக்குப் பின்னால், தொழிலாளி நிற்கும் இடத்திலேயே கேமராவை வைத்து, திரையின் இடமும் அவன் இடமும் ஒன்றாக இருக்கும்படி கூடத்தைப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஷஹனாஸ் தேதி எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் திரும்பினால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டி ஒட்டிய முதல் வடிவத்தைப் பார்த்துச் சொல்லக் காது கேளாதவர் ஒருவர் வேண்டும் என்றபோது, வேலையில் இருந்த மூவரோடு கனிமொழியையும் கேட்கலாமா என்று அவள் தயங்கினாள். கனிமொழி தானாகவே செய்தி அனுப்பினாள். வருகிறேன் என்று.

வீடியோ தொடங்கும் முன் ஷஹனாஸ் அவளைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துப்போய்க் கைகளால் எல்லாவற்றையும் சொன்னாள். திருப்பிப் போட்டதை. மறைந்த சொல்லை. தான் அரைகுறையாகப் பார்த்துச் சரி என்று சொன்னதை.

கனிமொழி தன் கைகளை உயர்த்தினாள்.

"முதல் நாள் வேலை முடிந்து வந்து எனக்கு நடித்துக் காட்டினார். டீச்சர் இடது கையில் பேசுகிறார், வலது கையில் அடிபட்டிருக்குமோ என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை உங்களைப் போய்ப் பார்க்கலாம் என்றார்."

கனிமொழி ஷஹனாஸைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய் முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டரை நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கதவு வரும் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். ஷஹனாஸ் அதை மற்றவர்களுக்குச் சொன்னாள்.

"என் கை முடிஞ்ச ஒடனே காட்சி மாறிடுது. கதவத் திரும்பப் பாக்க நேரம் இல்லங்கிறாங்க. இன்னும் நாலு நொடி கேக்குறாங்க."

ரஃபியுதீன் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து நான்கு நொடி சேர்த்தான். திரும்பப் போட்டார்கள். மூன்று தொழிலாளிகளையும் எழுந்து கதவைக் காட்டச் சொன்னபோது மூவரும் இடப்பக்கம் காட்டினார்கள். கனிமொழி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மார்கழியில் அரசு விசாரணை வந்தது. தொழிலாளி பயிற்சியில் காட்டியபடி நடக்கவில்லை என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்திருந்தது. ஷஹனாஸ் பழைய வீடியோவையும், தான் போட்ட பதிலையும், நடந்ததை விவரித்து ஒரு கடிதத்தையும் விசாரணை அதிகாரியிடம் கொடுத்தாள்.

"என்னையும் சேத்துல்ல மாட்டி விட்டுட்டே," என்று ரஃபியுதீன் போனில் கத்தினான். "பொண்டாட்டி புள்ள வச்சிருக்கேன்."

"மொதல்ல என் பேரத்தான் எழுதிருக்கேன் மச்சான்."

அவன் போனை வைத்துவிட்டான். அதன்பின் அத்தை வீட்டுக்கு அவள் போகவில்லை.

கனிமொழியின் வாக்குமூலத்தை ஷஹனாஸ் மொழிபெயர்க்கக் கூடாது என்றார்கள். விசாரணையில் அவளும் ஒரு தரப்பு. அது நியாயம்தான். புதுச்சேரியிலிருந்து வேறொரு பெண்ணை வரவழைத்தார்கள். ஷஹனாஸ் பின் வரிசையில் உட்கார்ந்து, ஏழு வயதிலிருந்து தான் செய்துவந்த வேலையை இன்னொருத்தி செய்வதைப் பார்த்தாள்.

"உங்க கணவருக்கு எச்சரிக்கை புரிஞ்சிருந்துச்சா?" என்று அதிகாரி கேட்டார்.

கனிமொழியின் கைகள் எழுந்தன. அந்தப் பெண்ணின் குரல் பின்தொடர்ந்தது.

"புரிஞ்சிருந்துச்சு. அவர் ஒண்ணு கூட மறக்கல. அவருக்கு என்ன காட்டுனாங்களோ அதத்தான் செஞ்சாரு."

அறிக்கை இன்னும் வரவில்லை. புது வீடியோவைத் தொழிற்சாலை பயன்படுத்துகிறது. சபாபதி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மொழிபெயர்ப்பாளருக்கான பெட்டி திரையில் எங்கே, எவ்வளவு பெரிது, எழுத்து எங்கே வரும் என்று தாளில் வரைந்து காட்டாமல் எந்த வேலையையும் ஷஹனாஸ் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் பலர் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். கனிமொழி குமராட்சியில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். பள்ளியின் பழைய மாணவர்கள் கூடும்போது வருகிறாள். எல்லாரிடமும் பேசுகிறாள். ஷஹனாஸ் எதிரே வந்தால் மட்டும் தலையை அசைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொள்கிறாள்.